நெஞ்சில் நம்ம ஏரியா இருக்க, சிங்கம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சென்னையில் ஏதாவது ஒரு மாநகராட்சி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரே மைதானத்தில் நான்கு மேட்ச் நடந்துகொண்டிருக்கும். இந்த மேட்ச்சின் லாங் ஆன்தான் அந்த மேட்ச்சின் கல்லி. எட்டு அணிகளும் ஜெர்சி போட்டிருக்கும். நெஞ்சில் இருக்கும் படத்தை மட்டும் எண்ணிக்கொண்டே வந்தால், மூன்று அணிகளில் கர்ஜிக்கும் சிங்கம், இரண்டில் கழுகு, ஒன்றில் மண்டை ஓடு, மீதியில் பேட் இரண்டைக் குறுக்கே போட்ட கேடயம். எல்லாம் இணையத்தில் 'கிரிக்கெட் லோகோ' என்று தேடினால் முதல் பக்கத்திலேயே வருபவை. சிங்கமும் சிங்கமும் மோதும் ஆட்டங்களும் உண்டு.

ராயபுரத்தில் ஏது சிங்கம்? வியாசர்பாடியில் எங்கே கழுகு? கேட்டால் 'கெத்தா இருக்குல்ல' என்பார்கள். கெத்து இருக்கிறதுதான். ஆனால், அது யாருடைய கெத்து என்பது இருபது அடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. தலைக்கு 350 ரூபாய் போட்டு, பார்ட் டைம் வேலையில் வந்த காசிலும் அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய காசிலும் ஜெர்சி அடிக்கும் பையன்களுக்கு, அந்தக் காசு தங்கள் தெருவின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஆசை. அந்த ஆசைக்கும் கையில் வந்து சேரும் துணிக்கும் நடுவில் என்னென்ன நடக்கிறது?

சொல்லப்போனால், ஏரியா பெயரைச் சுமப்பதில் சென்னைக்குப் பழக்கம் அதிகம். 2007-ல் வந்த 'சென்னை 600028' படத்துக்குத் தலைப்பே ஒரு பின்கோடுதான். அதில் விசாலாட்சி தோட்டத்து 'ஷார்க்ஸ்' அணியும் ராயபுரம் 'ராக்கர்ஸ்' அணியும் மோதியபோது, தமிழ்நாட்டில் பாதிப் பேர் அதைத் தங்கள் தெருக் கதையாகவே பார்த்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1888-ல், சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்கள் ஆடிய கிளப்பில் இந்தியர்களுக்குச் சரிசமமான இடம் இல்லாத நிலையில், புச்சிபாபு நாயுடு தனியாக ஒரு கிளப்பைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'மெட்ராஸ் யுனைடெட்'. புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. ஊர்ப் பெயரும், சேர்ந்து நிற்கிறோம் என்று ஒரு சொல்லும்தான். இன்றைக்கும் அவர் பெயரில் போட்டி நடக்கிறது.

சின்னம் எங்கே கிடைக்கும்?

ராயபுரத்தில் ஒரு தெரு அணி என்று வைத்துக்கொள்வோம். ஆடுபவர்கள் 14 பேர், ஸ்கோர் எழுதும் தம்பி ஒருவன், கோச் மாதிரி ஓர் அண்ணன். மொத்தம் 16 ஜெர்சி. இவர்களுக்கு ஒரு சின்னம் வேண்டும்.

முதல் வேலை கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது அல்ல. போனை எடுத்துக்கொண்டு ஏரியாவை ஒரு சுற்று சுற்றி வருவது. ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட இடம். தூண் வைத்த முகப்போடு இன்னும் நிற்கிறது. பக்கத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். வரிசை கட்டி நிற்கும் விசைப்படகுகள், குவித்துப் போட்ட வலை, ஐஸ் பெட்டி, நங்கூரம். இப்படி ஒரு மணி நேரத்தில் முப்பது போட்டோ எடுத்துவிடலாம்.

சிக்கல் அடுத்துதான் ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் உள்ளே வைக்கத் தோன்றும். நடுவில் ரயில் நிலையம், கீழே அலை, அலைமேல் படகு, இரண்டு பக்கமும் பேட், மேலே பந்து, பந்துக்குத் தீப்பிழம்பு, சுற்றி வட்டமாக அணியின் முழுப் பெயர், கீழே தொடங்கிய ஆண்டு. கம்ப்யூட்டர் திரையில் பெரிதாகப் பார்க்கும்போது பிரமாதமாக இருக்கும். ஜெர்சியில் சின்னம் இருக்கப்போவதோ நெஞ்சின் இடது பக்கம், ஏழு சென்டிமீட்டர் அகலத்தில். அந்த அளவுக்குச் சுருக்கினால் ரயில் நிலையம் ஒரு சீப்பு மாதிரியும் படகு ஒரு செருப்பு மாதிரியும் தெரியும்.

அதனால் ஒன்றே ஒன்றுதான். ஏரியாக்காரர் பார்த்ததும் 'அட, இது நம்மளது' என்று சொல்லக்கூடிய ஒரு பொருள். நமது அணி படகைத் தேர்ந்தெடுக்கிறது. பக்கவாட்டில் தெரியும் முழுப் படகு அல்ல. அப்படி வரைந்தால் அது எந்த ஊர்ப் படகாகவும் இருக்கலாம். துறைமுகத்தில் நிற்பவருக்குப் படகு எப்படித் தெரியும்? கரையைப் பார்த்து முட்டிக்கொண்டு நிற்கும் முன்முகமாக. மேலே அகன்று கீழே குறுகி, நடுவில் ஒரு கூர்விளிம்போடு வரும் வடிவம். அதுவே ஒரு கேடயம் மாதிரிதான் இருக்கிறது. தனியாகக் கேடயம் வரைய வேண்டியதில்லை. நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு கோடு போட்டால் மூன்று ஸ்டம்ப். கீழே ஒரே ஒரு அலை. முடிந்தது. பேட் இல்லை, பந்து இல்லை, தீ இல்லை. கிரிக்கெட் கிளப் என்று தெரிய ஸ்டம்ப் போதும்.

இது தேறுமா என்று பார்க்க மூன்று சோதனைகள் உண்டு. மூன்றுக்கும் காசு செலவில்லை. முதலாவது, அந்தப் படத்தை வாட்ஸ்அப் குரூப்பின் முகப்புப் படமாக வைத்துவிட்டு, போனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்ப்பது. சுண்டுவிரல் நகம் அளவில் தெரியும் அந்த வட்டத்தில் இன்னதென்று புரிந்தால் நெஞ்சிலும் புரியும். இரண்டாவது, வண்ணத்தையெல்லாம் எடுத்துவிட்டு கறுப்பு ஒன்றில் மட்டும் அச்செடுப்பது. ரப்பர் ஸ்டாம்ப், நன்கொடை ரசீது, கோப்பையில் பொறிக்கும் எழுத்து என எல்லாமே ஒற்றை நிறம்தான். வண்ணம் இருந்தால்தான் புரியும் என்றால் அந்தச் சின்னத்தில் ஏதோ குறை இருக்கிறது. மூன்றாவது சோதனைதான் கடினம். தெருவில் ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் படத்தை ஒருமுறை காட்டி, மறைத்துவிட்டு, சாக்பீஸால் சுவரில் வரையச் சொல்வது. ஏறக்குறைய வந்துவிட்டால் அந்தச் சின்னம் தெருவில் நிலைத்துவிடும். மேட்ச்சுக்கு முந்தைய நாள் சுவரெல்லாம் அதுவாகவே இருக்கும். சுவரின் சொந்தக்காரர் திட்டுவது தனிக் கதை.

இன்னொருவருடைய சிங்கத்தைத் தூக்கி வைப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. ஐபிஎல் அணிகளின் சின்னங்கள் பதிவுசெய்யப்பட்ட வணிகச் சின்னங்கள். தெரு அணியைத் தேடி யாரும் நோட்டீஸ் அனுப்பப்போவதில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் ஸ்பான்சர் பிடித்து, பேனர் வைத்து, டி-ஷர்ட் விற்கலாம் என்று நினைக்கும் நாளில் அது உதைக்கும். இணையத்தில் எடுத்த படத்தில் நடைமுறைத் தொல்லையும் இருக்கிறது. அது சின்னப் படமாக இருக்கும். பேனருக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். கோடுகளாகவே வரைந்த, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத 'வெக்டார்' கோப்பாக சின்னத்தை வரைந்து வாங்க வேண்டும். நம்மூர் அச்சுக் கடைகளில் பெரும்பாலும் கோரல் டிரா மென்பொருளில்தான் வேலை நடக்கும். அதில் வரைந்து கொடுங்கள் என்று கேட்டால் போதும்.

புள்ளி எங்கே போச்சு?

தமிழில் பெயர் போடலாம் என்று ஓர் அணி முடிவெடுத்தால் அதைக் கைதட்டி வரவேற்கலாம். ஆனால் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. ஜெர்சியின் முதுகில் 'கொளத்தூர்' என்று வர வேண்டியது, 'ெகாளத்தூர்' என்று கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் பிரிந்து வந்த காட்சியைப் பலர் பார்த்திருப்பார்கள். காரணம் எளிது. போனில் நாம் அடிப்பது யூனிகோடு தமிழ். அச்சுக் கடையின் பழைய மென்பொருளில் இருப்பது வேறு முறையில் வேலை செய்யும் பழைய எழுத்துரு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெயரை அப்படியே எடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். கடையில் வேலை செய்பவர் அவசரத்தில் கவனிக்க மாட்டார். அவருக்குத் தினமும் இருபது பேனர்.

தப்பிக்க வழி, பெயரைச் சரியாக அடித்து, கண்ணால் பார்த்துச் சரிபார்த்து, அந்த இடத்திலேயே எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றச் சொல்வது. கடைகளில் 'கர்வ் பண்ணுங்க' என்றால் புரியும். அதன் பிறகு அந்தக் கோப்பு எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் எழுத்து உடையாது. எழுத்துப் பிழையும் திருத்த முடியாது என்பதால், மாற்றுவதற்கு முன்பு நான்கு பேர் படித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது அளவு. தமிழ் எழுத்தில் மேலே புள்ளி, விசிறி, கொம்பின் சுழி என நெருக்கம் அதிகம். ஏழு சென்டிமீட்டர் வட்டத்தின் ஓரத்தில் 'ராயபுரம் கிரிக்கெட் கிளப்' என்று முழுவதையும் வளைத்து எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் நான்கு மில்லிமீட்டர்கூட வராது. தடித்த எழுத்துருவாக இருந்தால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது வட்டத்தின் விளிம்பில் இடித்துக் காணாமல் போகும். புள்ளி போய்விட்டால் 'கிளப்' 'கிளப' ஆகிவிடும். எதிரணி அதை ஆண்டு முழுவதும் சொல்லிக் காட்டும். எனவே, சின்னத்துக்குள் 'ராயபுரம்' என்ற ஒரே சொல், படகின் அடியில், நேர்க்கோட்டில். முழுப் பெயரை முதுகில் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம். அங்கே இடம் தாராளம்.

புடவைக்கடையில் கற்க வேண்டிய பாடம்

சின்னத்தைவிட நிறத்துக்குத்தான் சண்டை அதிகம் வரும். 14 பேரிடம் கேட்டால் ஆறு பேர் மஞ்சள் என்பார்கள். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. நான்கு பேர் இந்திய அணி மாதிரி நீலம் என்பார்கள். மீதிப் பேருக்குக் கறுப்பு. போட்டியில் இறங்கினால் பத்து அணிகளில் எட்டு அணிகள் இந்த மூன்றுக்குள்தான் இருக்கும். எதிரணியும் அதே நிறத்தில் வந்து நின்றால், ஒரு ரன் ஓடும்போது எறிபவருக்கே யார் யார் என்று குழப்பம். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2019 உலகக் கோப்பையில் இந்தியா, இங்கிலாந்து இரண்டுமே நீலம் என்பதால்தான், அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் இந்திய அணி ஆரஞ்சு கலந்த ஜெர்சியில் இறங்கியது.

இந்த இடத்தில் வீட்டில் இருக்கும் அம்மா, அத்தை, பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். பையன்களுக்கு நீலம், பச்சை, சிவப்பு என்று எட்டு நிறம்தான் தெரியும். புடவைக்கடைக்குப் போய் வந்தவர்களுக்கு மயில்கழுத்து தெரியும், அரக்கு தெரியும், மாம்பழ மஞ்சள் வேறு, எலுமிச்சை மஞ்சள் வேறு என்று தெரியும், கத்திரிப்பூ தெரியும், வெங்காயத்தோல் தெரியும். எந்த உடலுக்கு எந்த பார்டர் எடுக்கும் என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. மைதானத்தில் தனித்துத் தெரிய வேண்டிய அணிக்கு வேண்டியதும் அந்த அறிவுதான். நமது ராயபுரம் அணிக்கு மயில்கழுத்து உடல், கைமுனையிலும் காலரிலும் உயிர்காப்பு மிதவையின் ஆரஞ்சில் ஒரு பட்டை, எழுத்து வெள்ளை. கடலும் வரும், படகும் வரும், பக்கத்து ஏரியாக்காரரின் நீலத்தோடு குழப்பமும் வராது.

இரண்டு நிறம் ஒன்றோடொன்று எடுக்கிறதா என்பதை போனிலேயே பார்க்கலாம். டிசைனைப் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அரக்கு ஜெர்சியில் கறுப்பு எண் போட்டிருந்தால் இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்துபோகும். ஸ்கோர் எழுதும் தம்பிக்கு எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து தெரிவதும் ஏறக்குறைய அதுதான். வெள்ளை எண், மயில்கழுத்துத் துணி என்றால் பளிச்சென்று பிரியும். முதுகு எண்ணின் உயரம் இருபது சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அலங்கார எழுத்துரு வேண்டாம். 3-ம் 8-ம் ஒன்றுபோல் தெரிந்தால் ஸ்கோர் புத்தகத்தில் ஒருவர் அடித்த ரன் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

பந்தையும் யோசிக்க வேண்டும். டென்னிஸ் பந்து பச்சை கலந்த பளீர் மஞ்சள். பௌலர் அதே பளீர் நிறத்தில் கை வைத்த ஜெர்சி போட்டு ஓடிவந்தால், பந்து கையிலிருந்து விடுபடும் கணத்தில் பேட்ஸ்மேனுக்குப் பந்து தெரியாது. இதைத் தந்திரம் என்று நினைக்கும் அணிகளும் இருக்கின்றன. அம்பயர் ஜெர்சியை மாற்றச் சொன்னால் மாற்று ஜெர்சி கிடையாது என்பது அப்போதுதான் ஞாபகம் வரும்.

நிறத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. விளையாட்டைவிடப் பெரிய விஷயம். தமிழ்நாட்டில் நிறம் என்பது வெறும் நிறம் அல்ல. தெருமுனையில் நிற்கும் கொடிக்கம்பங்களைப் பார்த்தாலே தெரியும். தென்மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்கிறது என்பதால்தான், நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றுக்கு உள்ள அர்த்தம் ஜெர்சிக்கு வராது என்று சொல்ல முடியாது. ஓர் ஊர் அணியில் இரண்டு தெருப் பையன்கள் ஆடுகிறார்கள். ஒரு தெருவின் கொடி நிறம் ஜெர்சியில் ஏறிவிட்டால், மற்ற தெருப் பையன் அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக யோசிப்பான். வாய் திறந்து சொல்லவும் மாட்டான். அடுத்த மாதத்திலிருந்து 'வேலை இருக்குண்ணே' என்று மேட்ச்சுக்கு வருவது நின்றுவிடும். யாரை ஆட விடுகிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்பதை 2024-ல் வந்த 'லப்பர் பந்து' படம் காட்டியது. அந்தக் கோடு சில நேரம் ஜெர்சியின் நிறத்திலேயே போடப்பட்டுவிடுகிறது.

ஆகவே, நிறத்தைக் கையைத் தூக்கச் சொல்லிப் பெரும்பான்மையில் முடிவு செய்வது சரிவராது. பெரும்பான்மைத் தெருவின் நிறமே ஜெயிக்கும். மூன்று ஜோடி நிறங்களை முதலிலேயே பொறுக்கி, அவற்றில் எதுவும் அந்த ஊரின் எந்தக் கொடியிலும் சேர்ந்து வராதவையாகப் பார்த்துக்கொண்டு, பிறகு எல்லோரிடமும் தனித்தனியாக 'இதில் எது உனக்கு வேண்டாம்?' என்று கேட்பது நல்ல முறை. 'எது வேண்டும்' என்று கேட்டால் சத்தமாகப் பேசுபவர் பதில் சொல்வார். 'எது வேண்டாம்' என்று கேட்டால்தான் அமைதியாக இருப்பவரும் பேசுவார்.

துணியில் ஏறும்போது

இப்போது தெரு அணிகள் அடிக்கும் ஜெர்சிகளில் பெரும்பாலானவை 'சப்ளிமேஷன்' முறையில் வருபவை. டிசைனைத் தனிக் காகிதத்தில் அச்சிட்டு, வெள்ளை பாலியெஸ்டர் துணிமேல் வைத்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடத்துக்குள் அழுத்தி எடுப்பார்கள். அந்தச் சூட்டில் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடும். அதனால்தான் கையால் தடவினால் அச்சு தட்டுப்படாது, உரியாது, துவைத்தாலும் எளிதில் மங்காது. சின்னத்தில் எத்தனை நிறம் இருந்தாலும் செலவு ஒன்றுதான். பழைய ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம் தனியாகப் போட வேண்டும் என்பதால் நிறம் கூடக் கூடச் செலவு கூடும்.

இந்த முறைக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பருத்தியில் இது பிடிக்காது. வெயிலுக்குப் பருத்திதான் இதம் என்று பருத்திக் கலப்பை அதிகமாகக் கேட்டு வாங்கினால் இரண்டு துவையலில் வெளுத்துவிடும். இதில் வெள்ளை மை கிடையாது. சின்னத்தில் தெரியும் வெள்ளை, அச்சிடாமல் விட்ட துணியின் வெள்ளைதான். முழுக் கறுப்பு ஜெர்சி என்பதும் வெள்ளைத் துணியில் கறுப்பு ஏற்றியதுதான். இறுக்கமாகப் போட்டு இழுத்தால் உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். அழுத்தும்போது துணி மடிந்திருந்தால் அந்த மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். வாங்கும்போது அக்குள் பக்கமும் தோள் பக்கமும் விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

போன் திரையில் பார்த்த நிறம் துணியில் வராது என்பதுதான் அடிக்கடி நடக்கும் ஏமாற்றம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி மையால். மின்னும் பச்சை, பளீர் ஆரஞ்சு போன்றவை சாதாரண மையில் மங்கித்தான் விழும். அதற்கென்று தனி மை வேண்டும். பளீர் நீலம் பல நேரம் கத்திரிப்பூ பக்கம் சாய்ந்துவிடும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை போடுவதற்கு முன்பு செய்ய வேண்டியது ஒன்று. முழு ஆர்டர் கொடுக்குமுன், கைக்குட்டை அளவு அதே துணியில் அந்த இரண்டு நிறத்தையும் சின்னத்தையும் அச்சிட்டு வாங்கி, வெளியே வெயிலில் வைத்துப் பார்ப்பது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கும் மயில்கழுத்து வேறு, பதினொரு மணி வெயிலில் பார்க்கும் மயில்கழுத்து வேறு.

முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று தனித்தனித் துண்டாக அச்சாகி, பிறகுதான் தைக்கப்படும். பட்டையை நெஞ்சிலிருந்து கைக்கு ஓடவிட்டால் தையலில் முன்னே பின்னே விலகும். சின்னத்தைத் தோள் தையலுக்கு அருகே கொண்டுபோனால், சின்ன அளவு ஜெர்சியில் அது தையலுக்குள் போய்விடும். மீடியம் சைஸில் மட்டும் டிசைன் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் இப்படித்தான். அணியிலேயே சின்ன சைஸ், பெரிய சைஸ் இரண்டையும் திரையில் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பிறகு எண் பிரச்னை. 14 பேரில் ஐந்து பேருக்கு 7 வேண்டும். இந்திய அணியில் தோனியின் 7-ஐ இனி யாருக்கும் தருவதில்லை என்று கிரிக்கெட் வாரியம் ஒதுக்கி வைத்துவிட்டதாக 2023-ல் செய்தி வந்தது. தெரு அணிகளும் அதையே செய்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். சில இடங்களில் வீட்டுக் கதவு எண்ணை முதுகில் போட்டுக்கொள்கிறார்கள். ஏரியா பெருமைக்கு அதைவிட நெருக்கமான எண் கிடைக்காது.

வயிற்றில் யார் படம்?

தலைக்கு 350 வீதம் 16 ஜெர்சிக்கு 5,600 ரூபாய். துணி, காலர், எண்ணிக்கையைப் பொறுத்து இது கூடும், குறையும். பேன்ட்டும் சேர்ந்தால் இன்னும் ஏறும். எல்லோராலும் போட முடியாது. அப்போது தெருவில் ஒரு பெரிய மனிதர் முன்வருவார். ஹார்டுவேர் கடைக்காரராக இருக்கலாம், வட்டச் செயலாளராக இருக்கலாம். 'நான் பார்த்துக்கிறேன்ப்பா' என்பார். ஜெர்சி வரும்போது நெஞ்சில் படகு ஏழு சென்டிமீட்டர், வயிற்றில் அவர் கும்பிடும் போட்டோ முப்பது சென்டிமீட்டர்.

உதவி வாங்குவது தவறில்லை. ஜெர்சியில் எந்த இடத்தை எவ்வளவு நாளைக்குக் கொடுக்கிறோம் என்று பணம் வாங்குவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். கடைப் பெயர் வலது கையிலோ முதுகு எண்ணுக்குக் கீழேயோ, ஒரே நிறத்தில், பத்து சென்டிமீட்டர் அகலத்துக்குள், ஒரு சீசனுக்கு. முன்பக்கம் ஏரியாவுக்கு மட்டும். இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் நல்ல கடைக்காரர்கள் சம்மதித்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் சீருடையில் ஒழுங்காகத் தெரியும் பெயர்தான் வேண்டும். கட்சிக்காரர் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் பணத்தை ஜெர்சிக்கு வாங்காமல் கோப்பைக்கோ பந்துக்கோ வாங்கிக்கொள்ளலாம். பந்தில் போட்டோ போட முடியாது.

பணம் போதவில்லை என்றால், மட்டமான துணியில் எல்லாம் அச்சிட்ட 16 ஜெர்சியைவிட, கடையில் கிடைக்கும் ஒரே நிற டி-ஷர்ட்டில் சின்னத்தை மட்டும் நன்றாக ஒட்டி வாங்குவது மேல். அப்படி ஒட்டும் அச்சைத் துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட வேண்டும், அதன்மேல் நேராக இஸ்திரி வைக்கக் கூடாது. வைத்தால் படகு இஸ்திரிப் பெட்டியோடு போய்விடும்.

ஆர்டர் கொடுக்கும்போது 16 என்றால் 18 கொடுப்பது புத்திசாலித்தனம். எண் போடாமல் இரண்டு கூடுதல். ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான் என்று ஒன்றே ஒன்று அடிக்கக் கொடுத்தால், வேறு துணிக் கட்டு, வேறு மை நாள் என்று அந்த மயில்கழுத்து ஒரு சாயல் மாறித்தான் வரும். குரூப் போட்டோவில் அவன் மட்டும் தனியாகத் தெரிவான். புதுப் பையனுக்கு அது என்ன மாதிரி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக அந்தக் கோப்பு. சின்னத்தை வரைந்து கொடுத்தவருக்குக் காசு கொடுத்ததும் வெக்டார் கோப்பையும் பி.டி.எஃப் பிரதியையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் போதாது. அது அனுப்பும்போதே சுருங்கிவிடும். அணியில் மூன்று பேருடைய மெயிலில் அது இருக்கட்டும். கூடவே இரண்டு நிறங்களின் மை அளவுகளையும், வெயிலில் பார்த்துச் சரி என்று சொன்ன அந்தக் கைக்குட்டைத் துண்டையும் யாராவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வேறு கடைக்குப் போனாலும் துண்டைக் காட்டி இதுதான் வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலான அணிகளில் அது ஸ்கோர் புத்தகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஸ்கோர் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.